மகனுக்குக் கேட்ட மருந்து அம்மாவுக்கு ஆகாது

கேள்வி: எனக்கு 40 வயது. மலச்சிக்கலுக்கு இரவில் மக்னீசியம் ஆக்சைடு 500 மி.கி. மாத்திரை ஒன்று போடுகிறேன்; காலையில் சிரமம் இல்லை. அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. அவருக்கும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறது. போன மாதம் கிரியேட்டினின் 1.9 இருந்தது. "சத்து மாத்திரைதானே, கொடுங்கள்" என்கிறார் மருந்துக்கடைக்காரர். கொடுக்கலாமா? இல்லை, விலை கூடிய மக்னீசியம் கிளைசினேட் வாங்கவா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

மக்னீசியம் ஆக்சைடு பெரும்பாலும் குடலிலேயே தங்கி, நீரை இழுத்து வைத்து மலத்தை இளக்குகிறது. ஒரு பகுதி மட்டும் ரத்தத்தில் கலக்கும். அதைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. உங்கள் சிறுநீரகம் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அம்மாவின் கதை வேறு. 66 வயதுப் பெண்ணுக்குக் கிரியேட்டினின் 1.9 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் கணக்குப்படி நிமிடத்துக்கு 29 மி.லி. அளவில்தான் வரும். அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்று போட்டிருப்பார்கள், பாருங்கள். 60-க்குக் கீழே போனாலே மருத்துவரைக் கேட்காமல் மக்னீசியம் எடுக்கக் கூடாது. 30-க்குக் கீழே, தவிர்ப்பதே வழக்கம். "உப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று நம் வீடுகளில் லேசாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் "கொஞ்சம்"தான் இங்கே எல்லாவற்றையும் மாற்றுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மலம் போகாமல் நின்றிருக்கும்போது மாத்திரையும் குடலில் அதிக நேரம் கிடக்கும். அதனால் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். "ஒன்று கேட்கவில்லை, இரண்டு போடுவோம்" என்பது ஆபத்தாவது இப்படித்தான். தொடக்கத்தில் குமட்டல், சோர்வு, அசாதாரணத் தூக்கம் வரும். பிறகு கைகால் தளரும், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இறங்கும், முற்றினால் மூச்சும் இதயமும் பாதிக்கப்படும். வயதானவர் தூங்கி வழிவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் பயம். மாத்திரை போட்ட பின் அம்மாவிடம் இந்த மாற்றம் தெரிந்தால், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ, அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே போங்கள். ரத்தத்தில் மக்னீசியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான யூரியா, கிரியேட்டினின் பரிசோதனையில் அது வராது.

அம்மாவுக்கு லாக்டுலோஸ் சிரப் அல்லது பாலிஎத்திலீன் கிளைகால் தூள் பொருந்துமா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இவற்றைத்தான் எழுதுகிறார்கள். இசப்கோல் குடித்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவருக்கு அது ஒத்துவராது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். மலச்சிக்கலுக்கு அவையே காரணமாக இருக்கலாம்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் போடும் 500 மி.கி. சரியான தொடக்க அளவுதான். அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 400 முதல் 500 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறது. ஆய்வுகளில் நாளொன்றுக்கு 1,500 மி.கி. வரை கொடுத்திருந்தாலும், அவை சில வாரங்களே நடந்தவை. ஆகவே மாதக்கணக்கில் தொடர்வதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒருமுறை கிரியேட்டினினும் பார்த்துக்கொள்ளுங்கள். பேதியானால் அளவைக் குறையுங்கள். தைராய்டு மாத்திரையோ சில ஆன்டிபயாட்டிக்குகளோ சாப்பிடுகிறவர் என்றால், இதனுடன் சேர்த்து விழுங்காமல் சில மணி நேர இடைவெளி விட வேண்டும். மலத்தில் ரத்தம் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மாத்திரையை நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

கிளைசினேட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது மலச்சிக்கலைப் பொறுத்தவரை வீண். அது நன்றாக உறிஞ்சப்படும் வகை. குடலில் தங்குவது குறைவு, அதனால் மலத்தை இளக்குவதும் குறைவு. டப்பாவின் முகப்பில் 2,000 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அது முழுச் சேர்மத்தின் எடை. அதில் மக்னீசியம் சுமார் 280 மி.கி.தான். உங்கள் 500 மி.கி. ஆக்சைடிலேயே சுமார் 300 மி.கி. இருக்கிறது. சத்து மாத்திரையாக விற்கப்படும் டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். அதைக் கடைக்காரரிடமே காட்டுங்கள்.

வீட்டில் அம்மா நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்து இருந்தால் அதன் லேபிளையும் படியுங்கள். அவற்றில் பலவற்றிலும், மலமிளக்கியாக விற்கும் வெள்ளைத் திரவ மருந்துகள் சிலவற்றிலும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது.