மேனேஜர் 'நோட்டட்' என்று மட்டும் பதில் போட்டால் லீவு கிடைத்ததா, இல்லையா?

"வியாழன், வெள்ளி லீவு வேண்டும் என்று மெசேஜ் போட்டேன். 'நோட்டட்' என்று ஒரே வார்த்தை வந்தது. கோபமா? லீவு உண்டா?"

கோபமா என்று ஆராய வேண்டாம். மீட்டிங்குக்கு நடுவில் போனில் தட்டுகிற பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அவர் வார்த்தையை விட்டுவிட்டு, நீங்கள் அனுப்பியதை ஒருமுறை படியுங்கள். "காய்ச்சல், இன்று வர முடியாது" என்பது தகவல்; அதற்கு 'நோட்டட்' போதும். நீங்கள் அனுப்பியதோ அனுமதி கேட்கும் மெசேஜ். அதற்கு 'நோட்டட்' வந்தால் படித்துவிட்டார் என்பது மட்டும்தான் உறுதி.

"அப்ரூவ்டா சார்?" என்று மொட்டையாகக் கேட்டால் இன்னொரு 'ம்' வரும். அன்றைக்கே, ஆபீஸ் லீவு போர்ட்டலில் லீவு போட்டுவிட்டு, அதே மெசேஜுக்குக் கீழே இப்படிப் போடுங்கள்:

"நன்றி சார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் போர்ட்டலில் லீவு போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை புதன் மாலையே அனுப்பிவிடுகிறேன். போர்ட்டலில் அப்ரூவ் செய்துவிடுங்கள்."

தேதி, வேலைக்கு என்ன ஏற்பாடு, அவர் செய்ய வேண்டியது, மூன்றும் இதில் இருக்கிறது. அவர் தயங்கியதே அந்த ரிப்போர்ட்டுக்காக இருக்கலாம்.

"பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், மிரட்டல் மாதிரி இருக்கும். புதன் காலையிலும் போர்ட்டலில் 'பெண்டிங்' என்றே இருந்தால் நேரில் அல்லது போனில் கேளுங்கள்: "நாளைக்கு நான் வர வேண்டியதில்லைதானே சார்?" சரி என்றால், அதை ஒரு வரி மெசேஜாகவும் போட்டுவையுங்கள்.