வெளிநாட்ல இருந்து சேலத்துக்கு ஸ்வீட் அனுப்பறவங்க கண்ணுல நம்ம கடை படணும்னா

கேள்வி: அண்ணா, சேலம் அம்மாப்பேட்டைல எங்க அப்பா காலத்துல இருந்து ஸ்வீட் கடை வச்சிருக்கோம். போன தீபாவளிக்கு வெளிநாட்ல இருக்கவங்க இங்க இருக்க சொந்தத்துக்கு பாக்ஸ் அனுப்பற மாதிரி வெப்சைட் போட்டு கூகுள்ல விளம்பரமும் குடுத்தோம். காசு போனதுதான் மிச்சம். வந்த போன்ல பாதி உள்ளூர், மீதி "ஓரிகன்ல டெலிவரி உண்டா"ன்னு கேக்கறவங்க. இந்த வருஷம் எதை மாத்தணும்?

பதில்: தம்பி, அமெரிக்காவுல சேலம்னு பேர் வச்ச ஊருங்க நெறைய. ஓரிகன் மாநிலத்துக்கு தலைநகரமே சேலம்தான். மாசசூசெட்ஸ்ல இன்னொரு சேலம் இருக்கு, 1692-ல சூனியக்காரிங்கன்னு வழக்கு போட்டு ஆளுங்களை தூக்குல போட்டாங்களே அந்த ஊரு, அதனால ஹாலோவீன் வந்தாலே அமெரிக்காக்காரங்க அந்த சேலத்தைத்தான் தேடுவாங்க. நம்ம தீபாவளியும் அதே சீசன்ல வருது, 2024-ல ரெண்டும் ஒரே நாள், அக்டோபர் 31. அப்போ எந்த தேடலுக்கு விளம்பரம் வரணும்னு குடுக்கற கீவேர்டுல நீங்க "salem sweets"னு போட்டிருந்தா ஹாலோவீன் மிட்டாய் தேடறவங்க கிளிக்குக்கெல்லாம் உங்க கல்லாவுல இருந்து காசு போயிருக்கும்.

உள்ளூர் போன் வந்ததுக்கு காரணம் வேற. விளம்பரம் போடறப்போ எந்த ஊர்னு கூகுள் கேக்கும், எல்லாரும் டெலிவரி பண்ற ஊரை குடுத்துடறாங்க, அதாவது சேலம். ஆனா அந்த இடத்துல கேக்கறது பாக்கறவர் எங்க இருக்கார்னு. உங்களுக்கு பாக்கற ஆள் சிங்கப்பூர்லயோ துபாய்லயோ நியூஜெர்சிலயோ இருக்கார், சாப்பிடற ஆள் ஆத்தூர்ல இருக்காங்க. அதனால லொகேஷன்ல நாட்டு பேரைத்தான் போடணும், சேலத்தை எடுத்துடணும். அதுக்கு கீழயே Location options-னு ஒண்ணு இருக்கும், அங்க கூகுள் தானாவே "Presence or interest" வச்சிருக்கும், அதை "Presence"னு மாத்துங்க. மாத்தலைன்னா சிங்கப்பூருக்கு டூர் போறதுக்கு இங்க சேலத்துல உக்காந்து தேடறவர் ஸ்வீட் தேடினாலும் அவருக்கு உங்க விளம்பரம் போகலாம், ஏன்னா அவருக்கு சிங்கப்பூர் மேல "interest" இருக்குல்ல.

கீவேர்டு இப்படி இருந்தா போதும், மேற்கோள் குறியோட போடுங்க, அப்பதான் கூகுள் ரொம்ப இஷ்டத்துக்கு இழுக்காது:

```
"send sweets to salem tamil nadu"
"diwali sweets delivery salem india"
"sweets delivery yercaud"
"சேலம் ஸ்வீட் டெலிவரி"
```

இதைவிட முக்கியம் நெகட்டிவ் கீவேர்டு, அதாவது எந்த வார்த்தை போட்டு தேடினா விளம்பரம் போகக்கூடாதுன்னு குடுக்கற லிஸ்ட். oregon, massachusetts, halloween, witch, witches, recipe, jobs, near me, இத்தனையும் அதுல போடுங்க. witch-ம் witches-ம் தனித்தனியா போடணும், நெகட்டிவ்ல ஒருமை போட்டா பன்மையை அது தானா சேத்துக்காது. near me எதுக்குன்னா, அப்படி தேடறவர் அவர் வீட்டு பக்கத்துல கடை தேடறாரு, அம்மாவுக்கு அனுப்ப தேடல.

இவ்ளோ பண்ணியும் ஒரு சிக்கல் வரும், இப்பவே சொல்லிடறேன். சேலம்னு இவ்ளோ குறிப்பா தேடறவங்க கம்மி, சில கீவேர்டுக்கு பக்கத்துல "Low search volume"னு போட்டு கூகுளே ஓட்டாம வச்சிடும். அது உங்க தப்பு இல்ல, அந்த கீவேர்டை அப்படியே விட்டுடுங்க, பட்ஜெட்ல ஒரு பங்கை பேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு தள்ளுங்க. அங்க ஆளுங்க தேடிட்டு வர்றதில்ல, ஸ்க்ரோல் பண்ணிட்டு போறப்போ நிக்க வைக்கணும். மொழி தமிழ்னு மட்டும் சுருக்கிடாதீங்க, நம்மாளுங்க பாதி பேர் போனை இங்கிலீஷ்லயே வச்சிருப்பாங்க. வீடியோவோட முதல் மூணு நொடிலயே யாருக்குன்னு தெரிஞ்சுடணும், அஞ்சு ரோடு, கோட்டை மாரியம்மன் கோயில், ஏற்காடு கொண்டை ஊசி வளைவு, இதுல ஒண்ணை காட்டினா போதும், சேலத்துக்காரன் கட்டைவிரல் தானா நிக்கும், மத்தவங்க தாண்டி போயிடுவாங்க, அவங்க போறதும் நமக்கு நல்லதுதான். "நீங்க தமிழரா?"ன்னு மட்டும் விளம்பரத்துல கேக்காதீங்க, பாக்கறவரோட இனத்தை சுட்டி பேசற விளம்பரத்தை பேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தற மெட்டா நிறுத்திடும். "ஆத்தூர், ஓமலூர், மேட்டூர், ஏற்காடு வீட்டு வாசல் வரைக்கும்"னு ஊரைப் பத்தி பேசுங்க.

இப்ப கணக்குக்கு வருவோம், உதாரணத்துக்குத்தான், உங்க ரேட்டை போட்டு பாத்துக்கோங்க. வரி போக 1,500 ரூபா பாக்ஸ்னு வைங்க. சரக்கு 850, டப்பாவும் பேக்கிங்கும் 90, டெலிவரி 80, வெளிநாட்டு கார்டுக்கு பேமென்ட் கேட்வே கட்டணம் 3 சதவீதமும் அது மேல ஜிஎஸ்டியும் சேத்து 53. மொத்தம் 1,073, கையில நிக்கறது 427. ஒரு கிளிக் 20 ரூபா, 25 கிளிக்குக்கு ஒரு ஆர்டர்னா விளம்பரத்துக்கே 500 போயிடுது, பாக்ஸுக்கு 73 நஷ்டம். அதே 15 கிளிக்குக்கு ஒரு ஆர்டர் வந்தா 300தான் செலவு, 127 நிக்கும். அதனால கிளிக் விலையோட மல்லுக்கட்டறதைவிட, வந்தவங்க ஏன் வாங்காம போறாங்கன்னு பாக்கறதுதான் வேலை.

பெரும்பாலும் ரெண்டு விஷயத்துலதான் போயிடறாங்க. முதலாவது, எங்க ஊருக்கு வருமா, எப்ப வரும்னு பேஜ்ல தெரியாது. "சேலம் சுற்றுவட்டாரம்"னு எழுதினா பத்தாது, ஊர் பேரும் பின்கோடும் போடுங்க, ஏற்காடு 636601, ஆத்தூர் 636102, இந்த மாதிரி. கடைசி நேரத்தை அவங்க மணில எழுதுங்க. 2026 தீபாவளி நவம்பர் 8 ஞாயித்துக்கிழமை, வியாழன் 5-ஆம் தேதி ராத்திரி 9 மணியோட ஆர்டர் க்ளோஸ்னா அது சிங்கப்பூர்ல 11.30, துபாய்ல 7.30, லண்டன்ல மத்தியானம் 3.30, நியூயார்க்ல காலைல 10.30. நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வைப்பாங்க, அக்டோபர்ல போட்ட கணக்கை அப்படியே விட்டுடாதீங்க. ரெண்டாவது பணம். உங்க கேட்வேல இன்டர்நேஷனல் கார்டு தனியா ஆன் பண்ணணும், பண்ணலைன்னா கடைசி ஸ்க்ரீன் வரைக்கும் வந்துட்டு டிக்ளைன் ஆகும், அவங்களும் உங்களுக்கு சொல்லாம போயிடுவாங்க. வெளிநாட்ல இருக்க தெரிஞ்சவங்களை விட்டு நிஜ கார்டுல ஒரு ஆர்டர் போட சொல்லி பாருங்க. 2023-ல இருந்து சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, அமீரகம் மாதிரி சில நாட்டு நம்பர்லயே, வெளிநாடுவாழ் இந்தியருங்க இங்க வச்சிருக்க என்ஆர்ஈ, என்ஆர்ஓ அக்கவுண்ட்டுக்கு யுபிஐ வச்சுக்கலாம், அதனால யுபிஐ பட்டனையும் வைங்க.

படத்துக்கு ஒரு வார்த்தை. தட்டுவடை செட் போட்டோ போட்டா கிளிக் கொட்டும், வெளிநாட்ல இருக்க சேலத்துக்காரனுக்கு நாக்கு ஊறாம இருக்குமா. ஆனா காய் வச்ச செட்டை பாக்ஸ்ல அனுப்ப முடியாது, ஒரு மணி நேரத்துல நமத்துடும். வெறும் தட்டுவடை பாக்கெட், முறுக்கு, நெய் மைசூர்பாக்கு, அதிரசம் இதெல்லாம் தாங்கும், பால் ஸ்வீட்டை சேலம் டவுனுக்குள்ள அதே நாள் டெலிவரிக்கு மட்டும் வைங்க. ஏற்காடு காப்பித்தூள் சேத்த காம்போ நல்லா போகும், ஏற்காட்டு அட்ரஸுக்கு மட்டும் அதை காட்டாதீங்க, காப்பி தோட்டத்துக்குள்ளயே இருக்கவங்களுக்கு காப்பித்தூளை அனுப்பி வச்சா சிரிப்பாங்க.

அடுத்தது, இதுலதான் நெறைய கடைங்க கோட்டை விடறாங்க. காசு குடுக்கறவரு ஸ்வீட்டை ருசி பாக்கப் போறதில்ல. அவருக்கு கெடைக்கறது அம்மா போன்ல என்ன சொல்றாங்களோ அது மட்டும்தான். தெரியாத நம்பர்ல இருந்து "உங்களுக்கு பார்சல் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க"ன்னா இப்பல்லாம் பெரியவங்க போனை வச்சிடறாங்க, வைக்கறதும் சரிதான். அதனால ஓடிபியே வேணாம். ஆர்டர் எடுக்கறப்போ ரெண்டு விஷயம் கூட கேட்டு வாங்குங்க: பக்கத்து வீட்டு நம்பர் ஒண்ணு, அனுப்பறவரோட குரல்ல ஒரு சின்ன வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். டெலிவரி பையன் வாசல்ல நின்னு "அம்மா, உங்க பையன் பேசறாரு கேளுங்க"ன்னு அதை போட்டு விடட்டும், கதவு தானா தெறக்கும்.

கார்டுல எழுதற பேரையும் கேட்டு வாங்கணும். பாஸ்போர்ட்ல கார்த்திகேயன் சுப்பிரமணின்னு இருக்கும், கார்டு பேமென்ட்லயும் அதேதான் வரும், வீட்ல அவன் "சின்னு". கம்ப்யூட்டர் பிரிண்ட்ல "கார்த்திகேயன் எஸ்"னு வந்த பாக்ஸை அம்மா பேங்க்ல இருந்து வந்ததோன்னு ஓரமா வச்சிடுவாங்க. "அம்மாவுக்கு, சின்னுவும் மருமகளும் பாப்பாவும் அனுப்பினது"ன்னு கையெழுத்துல தமிழ்ல இருந்தா அந்த கார்டு பூஜை ரூம் வரைக்கும் போகும். பில்லை மட்டும் பாக்ஸ்குள்ள வைக்காதீங்க, "இவ்ளோ காசு போட்டு எதுக்குடா"ன்னு அம்மா திட்டினா அடுத்த தடவை அவன் அனுப்ப யோசிப்பான். காலாவதி தேதியும் லைசென்ஸ் நம்பரும் இருக்க லேபிள் கண்டிப்பா டப்பா மேல இருக்கணும், அதை எடுத்துடாதீங்க.

பாக்ஸ் குடுத்ததும் அவங்க சரின்னா ஒரு போட்டோ எடுத்து அனுப்பினவருக்கு மட்டும் அனுப்புங்க. அதை உங்க இன்ஸ்டாவுல போடணும்னா பையன்கிட்டயும் கேக்கணும், பெரியவங்ககிட்டயும் கேக்கணும். வயசானவங்க தனியா இருக்க வீட்டை வாசல் நம்பரோட ஊருக்கே காட்டற மாதிரி ஆகிடும், முகமும் வீடும் தெரியாம கை ரெண்டும் டப்பாவும் மட்டும் இருக்க படமே விளம்பரத்துக்கு தாராளம்.

அந்த போட்டோ கூடவே "எங்க நம்பரை சேவ் பண்ணி வச்சுக்கோங்க, பொங்கல் லிஸ்ட் டிசம்பர்ல அனுப்பறோம்"னு ஒரு வரி போடுங்க. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு 256 பேர், அதுவும் உங்க நம்பரை சேவ் பண்ணவங்களுக்குத்தான் மெசேஜ் போய் சேரும், சந்தோஷமா இருக்க அந்த நிமிஷத்துல கேட்டாத்தான் சேவ் பண்ணுவாங்க. பொங்கலுக்கு அதே ஆள் மறுபடி போட்டா அந்த 427-ல விளம்பர செலவே கெடையாது, அது அப்படியே உங்க கைக்கு. அதனால இந்த வருஷம் லிஸ்ட்ல பேரு, நாடு, இங்க யாருக்கு அனுப்பினாங்க, அவங்களுக்கு சுகர் இருக்கா, இந்த நாலு விவரம் மட்டும் எக்செல்ல போட்டு வைங்க.