நின்றிருந்த காருக்கும் பொறுப்பு உண்டா? வெள்ளைக் கைத்தடியும் ஜீப்ரா கோடும்

கேள்வி: கோவையில் சிக்னல் இல்லாத ஒரு ஜீப்ரா கோட்டருகே வெள்ளைக் கைத்தடியுடன் ஒருவர் சாலையோரம் நின்றிருந்தார். நான் காரை நிறுத்தி, அவர் கடக்கட்டும் என்று இரண்டு முறை ஹாரன் அடித்தேன். காரின் முன்பகுதி கோட்டின் மேல் ஏறியிருந்ததால் அவர் பானெட்டைத் தடியால் தொட்டுச் சுற்றிக்கொண்டு கடந்தார். அப்போது என் காரை வலப்பக்கமாக முந்திய பைக் அவரை மோதியது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நானே ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். "நான் சரியான பக்கத்தில்தான் முந்தினேன், அவர்தான் கோட்டுக்கு வெளியே நடந்தார்" என்கிறார் பைக்காரர். என் கார் அவரைத் தொடவே இல்லை. எனக்கும் பொறுப்பு வருமா? சாட்சி சொன்னால் சிக்கலா?

பதில்: விபத்துக்கு முதன்மைப் பொறுப்பு பைக் ஓட்டியவருடையது. ஆனால் உங்கள் பங்கு அறவே இல்லை என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது. நீங்கள் நிறுத்தியது சரி. நிறுத்திய இடமும் அடித்த ஹாரனும் சரியல்ல. இந்த இரண்டும் வழக்கில் எப்படி வந்து சேரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது, காயம்பட்டவருக்கும் நல்லது.

முதலில் பைக்காரரின் வாதத்தைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, சிக்னலோ காவலரோ இல்லாத ஜீப்ரா கோட்டை நெருங்கும் ஒவ்வொரு ஓட்டுநரும் வேகத்தைக் குறைத்து, வண்டியை நிறுத்தி, கடப்பவருக்கு வழிவிட வேண்டும். இந்தக் கடமை முன்னால் நிற்கும் காருக்கு மட்டும் உரியதல்ல, பின்னால் வருபவருக்கும் அதே அளவு உரியது. வலப்பக்கம் முந்துவது பொதுவாக முறையானதுதான். ஆனால் ஜீப்ரா கோட்டின் முன் ஒரு கார் நிற்கிறது என்றால், அதன் மறைவில் யாரோ கடந்துகொண்டிருக்கிறார் என்பதே ஓட்டுநர் முதலில் எண்ண வேண்டியது. சரியான பக்கத்தில் முந்தினேன் என்பது அதற்கு விடையாகாது. மேலும், பாதசாரிகள், முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் விஷயத்தில் தனிக்கவனம் வேண்டும் என்றும் அதே ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. பழகுநர் உரிமத் தேர்வின் வினாத்தொகுப்பிலேயே, வெள்ளைக் கைத்தடியுடன் பார்வையற்றவர் சாலையைக் கடந்தால் அந்தத் தடியை வண்டியை நிறுத்தச் சொல்லும் போக்குவரத்துக் குறியீடாகக் கொள்ள வேண்டும் என்பதுதான் சரியான விடை. ஆகவே தடியின் பொருள் தெரியாது என்று உரிமம் பெற்ற எவரும் சொல்வது எடுபடாது.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். எனவே பைக்காரர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவிலும் 125ஆம் பிரிவின் (ஆ) உட்பிரிவிலும் வழக்குப் பதிய இடமுண்டு. பின்னது மூன்று ஆண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்கது.

இனி உங்கள் காருக்கு வருகிறேன். கோட்டின் மேல் வண்டியை ஏற்றி அதை அடைத்து நிற்கக் கூடாது என்பதும் இந்த ஒழுங்குமுறைகளின் நோக்கம். பார்வையுள்ளவருக்கு அது ஓர் இடைஞ்சல் மட்டுமே. இரண்டடி விலகி நடந்துவிடுவார். தடியால் வழி அறிபவருக்கோ அது வேறு விதமானது. அவர் நடைமேடை விளிம்பிலிருந்து நேராக ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். இரண்டாவது அடியிலேயே தடியின் நைலான் முனை உங்கள் பம்பரில் தட்டுகிறது. அங்கிருந்து அவர் உலோகத்தைத் தொட்டபடி முன்பக்கமாக நகர்ந்து சுற்றும்போது, பிடித்து வைத்திருந்த நேர்க்கோடு கலைந்துவிடுகிறது. கோட்டுக்கு அப்பால் சந்திப்பின் பக்கம் வந்துவிடுகிறார். "கோட்டுக்கு வெளியே நடந்தார்" என்று பைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவரைக் கோட்டுக்கு வெளியே தள்ளியது உங்கள் பானெட்தான்.

"கார் தொடவே இல்லை" என்பது குற்ற வழக்கில் உங்களுக்கு உதவும். இழப்பீட்டு வழக்கில் அவ்வளவாக உதவாது. வாகனத்தின் "பயன்பாட்டால் நேர்ந்த" விபத்து என்ற சொல்லை உச்ச நீதிமன்றம் விரிவாகவே பொருள்கொண்டுள்ளது. 1991இல் சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில், மோதிச் சாய்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்துத் தீப்பற்றியதில் இறந்தவரின் மரணமும் வாகனப் பயன்பாட்டால் நேர்ந்ததே என்று தீர்ப்பாயிற்று. நின்றிருந்த வண்டி என்பதாலேயே பொறுப்பு நீங்கிவிடாது. அடுத்து, 2015இல் கென்யேய் வழக்கில், இரண்டு வாகனங்களின் அலட்சியம் சேர்ந்து மூன்றாமவருக்குக் காயம் நேர்ந்தால், அவர் முழு இழப்பீட்டையும் இருவரில் எவரிடமிருந்தும் பெறலாம். தங்களுக்குள் எவ்வளவு என்பதை அவ்விருவரும் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லப்பட்டது. பைக்குக்குக் காப்பீடு இல்லாவிட்டால் கோரிக்கை உங்கள் காப்பீட்டு நிறுவனத்தை நோக்கி வர இதுவே வழி. கோட்டை மறித்ததற்குத் தனியாக, மோட்டார் வாகனச் சட்டம் 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதில் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஹாரனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல எண்ணத்துடன் பலரும் செய்யும் பிழை இது. சிக்னல் இல்லாத இடத்தில் பார்வையற்றவர் ஓசையைக் கொண்டே முடிவெடுக்கிறார்: எந்தப் பக்கம் வண்டி வருகிறது, எது வேகம் குறைகிறது, எது நின்று எஞ்சின் மட்டும் ஓடுகிறது என்பதெல்லாம் அவர் காதில்தான் இருக்கிறது. ஹாரன் அந்த ஓசைகளை அழித்துவிடுகிறது. அதோடு அது "வாருங்கள்" என்கிறதா, "ஒதுங்கு" என்கிறதா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. நம் ஊர்ச் சாலைகளில் பெரும்பாலும் இரண்டாவது பொருளில்தான் அது ஒலிக்கிறது. கண்ணாடியை இறக்கி "போங்க சார்" என்று குரல் கொடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் வண்டிக்கு மட்டுமே நீங்கள் உறுதி சொல்ல முடியும். பக்கத்துத் தடத்தில் வருபவருக்கு உங்களால் உறுதி சொல்ல முடியாது. உங்கள் ஹாரனைக் கேட்டு இறங்கினேன் என்று காயம்பட்டவர் வாக்குமூலம் தந்தால், அதுவும் உங்கள் அலட்சியத்தின் ஒரு பகுதியாகப் பேசப்படும். தேவையற்ற ஹாரனுக்கு 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய் அபராதம் இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எப்படி நிற்பது? நம் ஒழுங்குமுறைகளில் இத்தனை அடி என்ற அளவு இல்லை. எனவே வேறு நாட்டின் நடைமுறையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில வாகனச் சட்டம், வெள்ளைத் தடியுடனோ வழிகாட்டி நாயுடனோ வரும் பார்வையற்றவருக்கு முன்னுரிமை தந்து, அதை மீறுவதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 முதல் 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்குள்ள ஓட்டுநர் கையேடு, கோட்டின் மேல் ஏறாமல், ஆனால் ஐந்து அடிக்கு மேல் தள்ளியும் போகாமல் நிற்கச் சொல்கிறது. மிகவும் பின்னால் நின்றால் எஞ்சின் ஓசை அவருக்குக் கேட்காது, கோட்டின் மேல் நின்றால் பாதை அடைபடும் என்பதே காரணம். ஓசையே எழுப்பாத மின்சாரக் கார், ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கையேட்டில் இன்னொரு குறிப்பும் உண்டு: தடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவர் ஓர் அடி பின்வாங்கினால், இப்போது கடக்கவில்லை என்று பொருள், அதன்பின் நீங்கள் மெல்ல நகரலாம். தடி முன்னால் நீண்டிருக்கும்வரை நகரக் கூடாது. சிக்னல் உள்ள இடத்திலும், அவர் நடுச்சாலையில் இருக்கும்போது உங்களுக்குப் பச்சை விழுந்தால் அது அவர் மீது வண்டியை விடும் உரிமை ஆகாது.

பைக்கின் காப்பீட்டு நிறுவனம் இன்னொரு வாதத்தை எடுக்கக்கூடும்: பார்வையற்றவர் துணையின்றி வந்ததே அலட்சியம் என்று. இதற்கு நான் வழக்கமாக எடுத்துக்காட்டுவது ஹேலி என்பவரின் வழக்கு. லண்டனில் பார்வையற்றவரான அவர் வெள்ளைத் தடியுடன் நடந்து வந்தபோது, பள்ளம் தோண்டிய மின்வாரியத் தொழிலாளர்கள் தடுப்பாகச் சாய்த்து வைத்திருந்த கருவியின் தாழ்ந்த கைப்பிடியைத் தடி தவறவிட, கால் இடறி விழுந்து செவித்திறனையும் இழந்தார். பார்வையுள்ளவருக்கு அந்தத் தடுப்பு போதுமே என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1964இல் அதை மாற்றியது: பார்வையற்றவர்கள் தனியே தெருவில் நடப்பது அனைவரும் அறிந்த நடைமுறை, அவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தே மற்றவர்கள் நடந்துகொள்ள வேண்டும், தடியை முறையாகப் பயன்படுத்தி நடந்தவர் தம் பங்குக் கவனத்தைச் செய்துவிட்டார். இது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல என்றாலும், அலட்சியம் பற்றிய வாதத்தில் வலுவான துணை.

சாட்சி சொல்வது பற்றிக் கேட்டீர்கள். காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. அந்தப் பாதுகாப்பு உதவி செய்ததைப் பற்றியதே. வண்டியை நிறுத்திய விதத்தை அது மூடிமறைக்காது. ஆயினும் சாட்சி சொல்லுங்கள், கோட்டின் மேல் நின்றதையும் சேர்த்தே சொல்லுங்கள். மறைத்தால் சாலையோரக் கேமரா காட்டிக்கொடுக்கும். அப்போது பைக்காரரைப் பற்றி நீங்கள் சொன்ன உண்மையும் நம்பிக்கை இழந்துவிடும்.

காரில் டேஷ் கேமரா இருந்தால் அன்றைய பதிவைத் தனியே எடுத்து வையுங்கள். சாலையோரக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் தாமே அழிந்துவிடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றும்படி காவல் நிலையத்துக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். அந்தத் தடியைத் தூக்கிப்போட வேண்டாம் என்று காயம்பட்டவரின் வீட்டாரிடம் சொல்லுங்கள். மடக்குத் தடியின் கடைசிக் கணு வளைந்திருந்தால், மோதலின்போது அது அவர் முன்னால் நீண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், காயம்பட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். கோரிக்கை வந்த பிறகு முதன்முதலாகச் சொன்னால் அவர்களும் உங்களுக்கு எதிராகத் திரும்புவார்கள். காயம்பட்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. 164ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கோரலாம்; 166ஆம் பிரிவில் தவற்றை நிரூபித்து உண்மையான இழப்பு முழுவதையும் கேட்கலாம். பின்னதற்குச் சட்டம் வைத்திருக்கும் காலவரம்பு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். கட்டுப் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் வீட்டார் இருந்துவிடாதபடி, இந்தத் தேதியை நீங்களே அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.