ரெஃபரலுக்குப் பிறகு ரெக்ரூட்டரிடம் எதைக் கேட்பது, யாரைப் பிடிப்பது?

கேள்வி: என் பழைய டீம் லீட் இப்போது இருக்கும் கம்பெனியில் என்னை ரெஃபர் செய்தார். ஒரு ரெக்ரூட்டர் போன் செய்து பத்து நிமிடம் பேசினார், "புரொஃபைலை ஷேர் பண்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அடுத்து என்ன என்று அவரிடமே கேட்கலாமா, ரெஃபர் செய்தவர் மூலம் கேட்க வேண்டுமா?

ரெக்ரூட்டரிடமே கேளுங்கள். அவர் உங்களோடு பேசிவிட்டதால் இனி உங்கள் தொடர்பு அவர்தான். பலர் கூச்சப்பட்டுக்கொண்டு ரெஃபர் செய்தவரையே தினம் ஒரு மெசேஜ் அனுப்பித் துளைப்பார்கள். அவர் பாவம், கம்பெனியின் ரெஃபரல் போர்ட்டலைத் திறந்தால் அவருக்குத் தெரிவது ஒற்றை வரி நிலவரம்தான். Under Review என்று இருக்கும். யாருமே உங்கள் ரெஸ்யூமேயைத் திறக்கவில்லை என்றாலும் அதே வரிதான், மேனேஜர் மேசையில் ஷார்ட்லிஸ்ட்டுக்காகக் காத்திருந்தாலும் அதே வரிதான்.

நான் சென்னையில் ஐடி கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதைக் கேட்பது என்பது தானாகப் புரியும்.

முதலில் ஒன்று. உங்களுக்கு போன் செய்தவர் அந்த வேலைக்குப் பொறுப்பானவராக இல்லாமல் இருக்கலாம். பெரிய கம்பெனிகளில் முதல் போனைப் பெரும்பாலும் வேறு ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருக்கும் கான்ட்ராக்ட் ரெக்ரூட்டர்தான் செய்வார். நோட்டீஸ் பீரியட், இப்போதைய சி.டி.சி, எதிர்பார்க்கும் சம்பளம், எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்தப் பணியிடம், அதாவது ரெக்விசிஷன், இன்னொரு ரெக்ரூட்டரின் பெயரில் இருக்கும். இன்டர்வியூ நேரம் குறிப்பதற்குத் தனியாக ஒரு கோஆர்டினேட்டர் இருப்பார். அதனால் "என் அப்ளிகேஷன் என்ன ஆச்சு?" என்பதைவிட "இந்த ரெக்விசிஷன் உங்களிடம்தான் இருக்கிறதா, வேறு யாரிடமாவது இருந்தால் அவர் பெயரும் மெயில் ஐடியும் தர முடியுமா?" என்ற கேள்வி உங்களுக்கு அதிகம் உதவும். இதை முதல் போனிலேயே கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவது, "ஷேர் பண்றேன்" என்றால் ஹைரிங் மேனேஜருக்கு அனுப்புகிறேன் என்று அர்த்தம். அதிக நாள் தேங்குவது அங்கேதான். சர்வீஸ் கம்பெனி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியிலிருந்து ஆள் எடுப்பதற்கு முன், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் இருக்கும் சொந்த ஊழியர்களில் யாராவது பொருந்துகிறார்களா என்று பார்ப்பார்கள், அது முடியும்வரை உங்கள் ரெஸ்யூமே அப்படியே கிடக்கும். சில சமயம் காலியிடமே இருக்காது, பின்னால் தேவைப்படும் என்று பெயர்களைச் சேர்த்து வைப்பார்கள். ஆகவே "இது இப்போது காலியாக இருக்கும் இடமா, பின்னால் வரப்போகும் தேவைக்கா?" என்று கேட்டுவிடுங்கள். பதிலைப் பொறுத்து நீங்கள் காத்திருப்பதா, வேறு இடம் பார்ப்பதா என்று முடிவு செய்யலாம்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. சமீபத்தில் ஒருவர், ஆட்டோமேஷன் டெஸ்டிங்கில் ஆறு வருட அனுபவம், 60 நாள் நோட்டீஸ், ரெஃபரலில் வந்தார். முதல் போன் நன்றாகப் போனது. அதன்பின் அசைவே இல்லை. அவர் மெயில் போட்டு "என் தரப்பில் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா?" என்று கேட்டார். பார்த்தால், சில மாதங்களுக்கு முன் ஒரு கன்சல்டன்சி அதே கம்பெனிக்கு அவருடைய ரெஸ்யூமேயை ஏற்றி வைத்திருந்தது. மெயில் ஐடியும் போன் நம்பரும் ஒத்துப்போனதால் சிஸ்டம் இரட்டைப் பதிவு என்று பிடித்துவிட்டது. முதலில் அனுப்பியவருக்கே குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை என்பது பல கம்பெனிகளின் விதி. கன்சல்டன்சிக்குக் கட்டணமா, ரெஃபர் செய்தவருக்கு போனஸா என்று தீராமல் யாரும் ஃபைலை நகர்த்தத் துணியவில்லை. அந்தக் கன்சல்டன்சி தன்னை எப்போது தொடர்புகொண்டது, இந்த வேலைக்கு அனுப்பத் தான் சம்மதிக்கவில்லை என்று அவர் மெயிலில் எழுதிக் கொடுத்த பிறகுதான் ரெஃபரல் கணக்கில் ஏறியது.

உங்களுக்கும் இப்படியா என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். ரெஃபரல் செய்ததும் போர்ட்டலிலிருந்து ஒரு லிங்க் வந்திருக்கும். அதைத் திறந்ததும் உங்கள் பெயரில் ஏற்கெனவே பதிவு இருக்கிறது என்று காட்டினாலோ, பழைய ரெஸ்யூமே தெரிந்தாலோ, சந்தேகப்படுங்கள். அந்த லிங்க்கை விட்டுவிட்டு நீங்களே கம்பெனி வெப்சைட்டில் தனியாக அப்ளை செய்திருந்தாலும் ரெஃபரல் ஒட்டாமல் போகலாம்.

மெயில் எப்படி எழுதுவது? போர்ட்டல் லிங்க் வந்த no-reply முகவரிக்குப் பதில் போடாதீர்கள், அதை யாரும் படிப்பதில்லை. ரெக்ரூட்டரின் சொந்த மெயிலுக்கு, சப்ஜெக்டில் ஜாப் ஐடி, வேலையின் பெயர், உங்கள் பெயர், ரெஃபரல் என்ற சொல். நீங்கள் அனுப்புவது ஆங்கிலத்தில்தான் இருக்கும், சாரம் இவ்வளவு போதும்:

"வணக்கம். செவ்வாய்க்கிழமை இந்த ஜாப் ஐடி குறித்து நாம் பேசினோம். உங்கள் ஊழியர் இன்னார் என்னை ரெஃபர் செய்திருந்தார். ஹைரிங் மேனேஜர் பார்வை முடிந்ததா, அடுத்த கட்டம் டெக்னிக்கல் ரவுண்டா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். இனி நான் உங்களையே தொடர்புகொள்வதா, வேறு யாரையாவதா? என் தரப்பில் ஏதாவது தர வேண்டியிருந்தால் சொல்லுங்கள். என் நோட்டீஸ் 60 நாள்."

நோட்டீஸ் வரியை விடாதீர்கள். மேனேஜர் முதலில் கேட்பது அதைத்தான், ரெக்ரூட்டர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அவரே முதலில் வந்திருந்தால் அங்கே ஒரு வரி போடலாம், இல்லாவிட்டால் மெயில்தான்.

முதல் பேச்சு முடிந்து ஐந்து வேலை நாள் ஆனதும் இதை அனுப்பலாம். பதில் இல்லையென்றால் இன்னொரு வாரம் கழித்து அதே மெயிலின் கீழேயே இரண்டு வரி. அப்போதும் மௌனம் என்றால்தான் ரெஃபர் செய்தவரிடம் போங்கள், அதுவும் "கொஞ்சம் சொல்லுங்க அண்ணா" என்று பொதுவாக அல்ல. "இந்த ஜாப் ஐடி உங்கள் உள் போர்ட்டலில் இன்னும் திறந்திருக்கிறதா, அதில் ரெக்ரூட்டர் பெயர் என்ன போட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். பல கம்பெனிகளில் ஊழியர்களுக்கு அது தெரியும், பார்க்க இரண்டு நிமிடம்தான். நான் பார்த்தவரை, போன் செய்த ரெக்ரூட்டர் வேறு கிளையன்ட் வேலைக்கு மாறிப்போய், புதியவருக்கு உங்கள் பெயரே தெரியாமல் இருப்பது சாதாரணமாக நடக்கிறது. வேலையே மூடப்பட்டிருந்தால் வேறு ஜாப் ஐடிக்கு மாற்றி ரெஃபர் செய்ய முடியுமா என்று ரெஃபர் செய்தவரிடமே கேட்டுவிடலாம்.

ஹைரிங் மேனேஜரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து எழுத வேண்டாம். அவர் அதை அப்படியே ரெக்ரூட்டருக்குத் தள்ளிவிடுவார், ரெக்ரூட்டருக்கு அது புகார் மாதிரி படும். கையில் வேறு ஆஃபர் இருந்து அதற்குக் கெடு தேதி இருந்தால் மட்டும் அதை ரெக்ரூட்டரிடம் தேதியோடு சொல்லுங்கள். மேனேஜரைத் துரிதப்படுத்த அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். இல்லாத ஆஃபரைச் சொல்லாதீர்கள், பின்னால் அந்த ஆஃபர் லெட்டரை அனுப்பச் சொல்வார்கள்.

ஆஃபர் கட்டத்தில் தொடர்பு மறுபடியும் மாறும். சம்பளப் பேச்சு ரெக்ரூட்டரோடு, பழைய கம்பெனிச் சான்றுகளும் பேஸ்லிப்பும் கேட்பது ஆன்போர்டிங் ஹெச்.ஆர். அந்தக் கைமாற்றத்தில்தான் ஒரு வாரம் காணாமல் போகும். சம்பளம் ஒத்துக்கொண்ட அன்றே "அடுத்து எனக்கு மெயில் அனுப்பப் போவது யார்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தில் ஆஃபர் வரும்வரை இப்போதைய வேலையில் பேப்பர் போடாதீர்கள்.