பணவீக்கத்தை ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் என்ன ஆகும்?

கேள்வி: வருங்கால வரவை இன்றைய விலையிலேயே கணக்கிட்டு, வங்கி வட்டி விகிதத்தால் தள்ளுபடி செய்யலாமா, அதாவது இன்றைய மதிப்புக்குக் குறைக்கலாமா?

கூடாது. வங்கி கேட்கும் வட்டியில் எதிர்பார்க்கப்படும் பணவீக்கம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. வரவில் அது இல்லையென்றால், விலையேற்றத்திற்காக வரவைக் குறைத்துவிட்டு, அந்த ஏற்றத்தால் கூடும் வருவாயைச் சேர்க்காமல் விட்டவர்கள் ஆவோம்.

1000 முதலீடு செய்தால், இன்றைய விலையில் ஆண்டு முடிவுதோறும் 400 வீதம் மூன்று ஆண்டுகள் கிடைக்கிறது என்று கொள்வோம். பணவீக்கமும் அடங்கிய பெயரளவு விகிதம் 12%, பணவீக்கம் 6%. அந்த 400-ஐ 12 சதவீதத்தால் தள்ளுபடி செய்தால் தற்போதைய மதிப்பு ஏறத்தாழ 961 மட்டுமே. திட்டம் நட்டம் என்று தோன்றும். பணவீக்கத்தை நீக்கிய உண்மை விகிதமோ 1.12 ÷ 1.06 − 1, அதாவது சுமார் 5.66%. (12-லிருந்து 6-ஐக் கழிப்பது தோராயம்தான்; பணவீக்கம் கூடக்கூட அந்தப் பிழையும் வளரும்.) இந்த விகிதத்தில் மதிப்பு 1076. வரவை 424, 449.44, 476.41 என்று உயர்த்தி 12 சதவீதத்தால் தள்ளுபடி செய்தாலும் அதே 1076 வருகிறது. இரு வழிகளும் ஒத்துப்போகாவிட்டால், எங்கோ கலப்பு நேர்ந்திருக்கிறது என்று அறியலாம்.

அனுபவமுள்ளவர்களும் தவறுவது, சொத்தின் விலையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலவில் எழுதும் தேய்மானத்தில்தான். வாங்கிய விலையின் மீது கணக்கிடப்படும் தேய்மானத்தால் மிச்சமாகும் வரி, விலைவாசியோடு உயர்வதில்லை. அது பெயரளவுத் தொகை. ஆகவே உண்மை மதிப்பில் கணக்கிடும்போது, அதை முதலில் அந்தந்த ஆண்டின் விலை மட்டத்தால் வகுத்த பிறகே மற்ற வரவுகளோடு சேர்க்க வேண்டும். நிலையான வட்டியுள்ள கடன் தவணைக்கும் இதுவே பொருந்தும். இத்தகைய தொகைகள் பல இருக்கும் திட்டங்களில், எல்லாவற்றையும் பெயரளவிலேயே எழுதுவதை நான் விரும்புகிறேன்.