பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: திருப்பூரில் 180 பேர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். மாதம் ஒருவரைச் சிறந்த தொழிலாளியாகத் தேர்ந்தெடுத்து 2,000 ரூபாய் கொடுக்கிறோம். யார் பெயரையும் யாரும் எழுதிப் போடலாம் என்று பெட்டி வைத்திருக்கிறோம். அதிகப் பீஸ் தைத்தவர், லீவு எடுக்காதவர் என்று பார்த்துத்தான் கொடுக்கிறோம். புரொடக்‌ஷனைக் கவனிக்கும் என் மைத்துனர் பெட்டியைத் திறந்து மூன்று பெயர்களைத் தருவார். ஒருவரை நான் முடிவு செய்வேன். ஆரம்பத்தில் பெட்டி நிறைந்தது. இப்போது நான்கைந்து சீட்டுகள்தான் விழுகின்றன. பரிசை 5,000 ஆக்கினால் ஆர்வம் திரும்புமா?
— ஒரு முதலாளி, திருப்பூர்

பதில்: திரும்பாது. பத்தாயிரம் கொடுத்தாலும் திரும்பாது. பெட்டியைத் திறப்பவர் உங்கள் மைத்துனர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, பணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். யாருக்கு எந்த மெஷின், யாருக்கு ஓவர்டைம், யாருக்குத் திட்டு என்று முடிவு செய்பவர் அவர்தானே? ஒரு ஹெல்பர் பெண், பனியனின் கைத்துணியும் உடம்புத்துணியும் ஷேடு மாறி வந்திருப்பதைப் பார்த்துப் பண்டிலை நிறுத்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் அரை மணி நேரம் நிற்கிறது, அன்றைய டார்கெட் விழுகிறது, மைத்துனர் கத்துகிறார். உங்கள் ஷிப்மெண்ட் திரும்பி வராமல் காப்பாற்றியவள் அவள்தான். அவள் பெயரை எழுதிப் போட நினைக்கும் டெய்லர், அந்தச் சீட்டை முதலில் பிரிக்கப்போவது யார் என்று யோசிக்க மாட்டாரா? கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாமே.

மைத்துனருக்கு வேலை கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். உறவுக்குத் தோள் கொடுப்பது கடமை. ஆனால் மெஷினில் உட்காரும் 180 பேருக்கும் நீங்கள்தான் பொறுப்பு. மனைவியின் தம்பியைச் சந்தேகத்துக்கு இடமான நாற்காலியில் உட்கார வைத்தது அவருக்கும் நீங்கள் செய்த அநியாயம்.

சாவியை அக்கவுண்ட்ஸ் பிரிவில் கொடுங்கள். அவர்கள் பெயருக்குப் பதில் எண் போட்டு, சீட்டில் உள்ளதைத் தட்டச்சு செய்து மூன்று பேர் குழுவுக்குத் தரட்டும். தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த ஒருவர், செக்கிங்கிலிருந்து ஒருவர், கட்டிங் அல்லது பேக்கிங்கிலிருந்து ஒருவர் போதும். என்ன செய்தார், எந்த நாளில், அதனால் என்ன ஆனது என்ற மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். ‘நல்ல உழைப்பாளி’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒதுக்கிவிடலாம். எண் போட்டாலும் ஆள் யாரென்று சில சமயம் தெரிந்துவிடும். அது தன் உறவினர் என்றால் அந்த உறுப்பினர் எழுந்து போக வேண்டும். உங்கள் குடும்பத்தார் யாருக்கும் இந்தப் பரிசு கிடையாது என்பதை முதல் விதியாக எழுதி ஒட்டுங்கள். மைத்துனரிடம் இதை நீங்களே வீட்டில், மனைவியையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

பீஸ் கணக்கும் தவறு. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு பீஸுக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களிடம் சாம் நிமிடம் குறித்திருக்கும். சைடு ஓவர்லாக்குக்கு 0.5 நிமிடம், பிளாக்கெட்டுக்கு 1.2 நிமிடம் என்று வையுங்கள். இடைவேளை போக 480 நிமிடத்தில் ஓவர்லாக்கில் ஒருவர் 720 பீஸ் தைத்தால் அது 360 நிமிட வேலை, அதாவது 75 சதவீதம். பிளாக்கெட் தைப்பவர் 320 பீஸ்தான் முடித்திருப்பார். ஆனால் அது 384 நிமிட வேலை, 80 சதவீதம். உங்கள் கணக்கில் இவர் எப்போதும் தோற்பார். சதவீதத்தைப் பாருங்கள், கூடவே திருத்தித் தைக்கத் திரும்பி வந்த ஆல்டர் பீஸ் எத்தனை என்றும் பாருங்கள். புது ஸ்டைல் ஏறிய முதல் சில நாட்களில் எல்லோருக்கும் சதவீதம் இறங்கும், அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹெல்பருக்கும் அயர்னிங் ஆளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குச் சீட்டில் எழுதிய சம்பவம்தான் அளவுகோல்.

லீவு விதியைப் படித்தபோது கோபம்தான் வந்தது. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான்கு நாள் பக்கத்தில் இருந்தவள் தன் கடமையைச் செய்தவள். அவளைப் பட்டியலிலிருந்து அடிப்பதற்கு நீங்கள் யார்? வந்த நாட்களில் எப்படி வேலை பார்த்தாள் என்று பாருங்கள். முழு வருகைக்கு ஊக்கத்தொகை தரவேண்டுமென்றால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2,000 ரூபாயே போதும். முடிவான அதே வாரம் கொடுங்கள், காரணத்தை நான்கு வரியில் போர்டில் எழுதுங்கள். தீபாவளி போனஸில் இதைக் கழிக்கக் கூடாது, 8.33 சதவீதம் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம், பரிசு அதற்கு மேல்தான். வாங்கியவருக்கு அடுத்த ஆறு மாதம் பரிசு வேண்டாம். அதற்காக ஆளுக்கொரு முறை என்று சுற்றுக்கு விட்டுவிடாதீர்கள். தகுதியான சீட்டு இல்லாத மாதம் பரிசு இல்லாமலே போகட்டும்.

ஓராண்டு முடிந்ததும் பரிசு பெற்றவர்களை லைன் வாரியாக, ஆண் பெண் வாரியாக, சொந்த ஊர் வாரியாக எண்ணுங்கள். கால்வாசி ஆட்கள் இருக்கும் லைனுக்குப் பாதிப் பரிசு போயிருந்தால், அந்தச் சீட்டுகளை நீங்களே எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். குழுவையும் மாற்றி அமையுங்கள்.