காலையில் காப்பி செய்த முகவரி மதியம் எங்கே போனது?

சின்னாளப்பட்டியில் ஒரு சேலைக் கடையின் போன் ஆர்டர்களைப் பல வருடம் பார்த்தவள் நான். ஒரே முகவரி, ஒரே விலைப் பட்டியல், ஒரே "அனுப்பிட்டோம்மா" என்று நாள் முழுக்கத் தட்டித் தட்டிக் கட்டை விரல் வலி கண்டவள். ஒரே வாசகத்தைப் போனில் திரும்பத் திரும்பத் தட்டாமல் இருப்பது பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோபியில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்பவர்): அக்கா, காலையில எங்க முகவரியைக் காப்பி பண்ணி வெச்சேன். மதியம் கூரியர்காரருக்கு அனுப்பலாம்னு கிளிப்போர்டைத் திறந்தா காலி. போன்ல ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லைம்மா, அதன் சுபாவமே அதுதான். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு இருந்தால், அதன் கிளிப்போர்டில் விழுவது ஒரு மணி நேரம்தான் இருக்கும். அதற்குள் நீங்கள் அதை விரலால் அழுத்திப் பிடித்து, வரும் பட்டியலில் Pin என்பதைத் தொட்டிருந்தால் மட்டும் தங்கும். மனிதர்கள் கிளிப்போர்டில் பாஸ்வேர்டு, ஓடிபி, கணக்கு எண் என்று எதையெதையோ விட்டுவிட்டுப் போகிறார்கள். அது நாள்கணக்கில் அங்கேயே கிடப்பது நல்லதல்ல.

ஆனால் உங்கள் சொந்த முகவரிக்குக் கிளிப்போர்டே சரியான இடம் இல்லை என்பேன். அது இன்றைய வேலைக்கு: இன்று வந்த வாடிக்கையாளர் முகவரி, இன்றைய டிராக்கிங் எண். வருடம் முழுக்க அனுப்புவதற்கு வேறு இடம் இருக்கிறது.

கேள்வி (திருப்பூரில் பில்லிங் வேலை பார்ப்பவர்): எதுக்கு இவ்வளவு சுத்தணும்? பின் பண்ணா போதும். நான் முப்பது பின் வெச்சிருக்கேன், ஒண்ணும் போகல.

பாதி சரி தம்பி. பின் செய்தது தானாகப் போகாதுதான். ஆனால் கீபோர்டு ஆப்பை நீக்கினாலோ, இடம் போதவில்லை என்று அதன் டேட்டாவை அழித்தாலோ முப்பதும் ஒரே நொடியில் போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை, முப்பதில் ஒன்றைத் தேடுவது. தட்டச்சு செய்ய ஆகும் நேரத்தைவிடக் கீழே தள்ளித் தள்ளிப் பார்க்கும் நேரம் கூடிவிட்டால் பின் எதற்கு? என் கணக்கில் ஆறேழு பின் போதும்.

கேள்வி (மறுபடி கோபி): அப்போ அந்த "வேறு இடம்" எது? படிப்படியா சொல்லுங்க.

ஜிபோர்டின் அமைப்புகளுக்குள் Dictionary, அதற்குள் Personal dictionary. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அங்கே All languages இருந்தால் அதையே எடுங்கள், இல்லையென்றால் நீங்கள் அதிகம் தட்டும் மொழி. பிறகு + குறி. இரண்டு பெட்டி வரும். மேலே முழு முகவரி, கீழே Shortcut என்ற இடத்தில் சுருக்கம்.

சுருக்கத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். `add` என்று வைத்தால் வேறு எதற்கோ add என்று தட்டும்போதெல்லாம் முகவரி எட்டிப் பார்க்கும். எந்தச் சொல்லிலும் வராத எழுத்துக் கூட்டாக இருக்க வேண்டும். நான் முதல் எழுத்தை இரட்டிப்பேன்: வீட்டு முகவரிக்கு `vvm`, கடைக்கு `kkm`, வங்கிக் கணக்குக்கு `bbk`. இனி எங்கேயாவது `vvm` என்று தட்டினால், எழுத்துகளுக்கு மேலே உள்ள பரிந்துரைப் பட்டையில் முகவரி வரும். அதைத் தொட்டால்தான் உள்ளே விழும். ஆண்ட்ராய்டில் தானாக விரியாது, இதை மறக்க வேண்டாம். சுருக்கம் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் விரிவது தமிழில் இருக்கலாம். "வணக்கம்மா, பார்சல் இன்னைக்கு அனுப்பிட்டோம், ரெண்டு மூணு நாள்ல வந்துரும்" என்பது எனக்கு வெறும் `ppa`.

ஒரு குறை. அந்தப் பெட்டியில் எண்டர் அடித்து அடுத்த வரிக்குப் போக முடியாது. முகவரி காற்புள்ளி போட்டு ஒரே வரியாகத்தான் நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும். வரி வரியாக வேண்டும் என்றால் அதை மட்டும் கிளிப்போர்டில் பின் செய்யுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், இ-சேவை வேலைக்கு உதவுபவர்): எனக்குச் சில இடத்துல பட்டையே வர மாட்டேங்குது. செல் நம்பருக்கு `ccn` வெச்சேன், ஃபார்ம்ல தட்டவே முடியல.

தட்ட முடியாதுதான். செல் எண், பின்கோடு கேட்கும் பெட்டிகள் எண் பலகையை மட்டுமே திறக்கும். எழுத்தே இல்லாத இடத்தில் எழுத்துச் சுருக்கத்தை எப்படித் தட்டுவது? அந்த இரண்டு எண்ணையும் கிளிப்போர்டில் பின் செய்து, பெட்டியை அழுத்திப் பிடித்து ஒட்டுங்கள். என் ஆறேழு பின்னில் இரண்டு அவைதான்.

சாதாரண பெட்டியிலும் வரவில்லை என்றால் ஜிபோர்டு அமைப்புகளில் Text correction அல்லது Corrections & suggestions என்ற பகுதியில் பரிந்துரைப் பட்டை அணைந்திருக்கிறதா பாருங்கள். அடுத்தது, நீங்கள் சேமித்தது ஒரு மொழியில், தட்டுவது இன்னொரு மொழியில் என்று இருக்கும். நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் காரணம்.

கேள்வி (ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்): அம்மா, வயதாகிவிட்டது, மறதி. நெட் பேங்கிங் பாஸ்வேர்டை இப்படிச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

வேண்டாம் ஐயா. முதலாவது, அது பயன்படாது: பாஸ்வேர்டு பெட்டியில் கீபோர்டு பரிந்துரையே காட்டாது. இரண்டாவது, பேரப் பிள்ளை உங்கள் போனில் விளையாட்டாக அதே எழுத்துகளைத் தட்டினால் பாஸ்வேர்டு பட்டையில் பளிச்சென்று நிற்கும். அதற்குப் பாஸ்வேர்டு மேனேஜர் என்றே தனி ஏற்பாடு போனில் இருக்கிறது, உங்கள் மகனிடம் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பணம் வர வேண்டிய கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் வேறு விஷயம். அவற்றைத் தாராளமாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அவசரத்தில் அங்கே ஆங்கில ஓ எழுத்தைப் போட்டுவிட்டுப் பணம் வரவில்லை என்று காத்திருப்பவர்கள் நிறைய.

ஒரு முறை சரியாக எழுதினால் எப்போதும் சரி. அதே போல, ஒரு முறை தவறென்றால் எப்போதும் தவறு. நாங்கள் வீடு மாறியபோது `vvm`-இல் பழைய கதவு எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். நானே தட்டியிருந்தால் கை நின்றிருக்கும், சுருக்கம் நிற்காது. மூன்று பார்சல் பழைய வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. புதுக் குடித்தனக்காரர் நல்லவர், எடுத்து வைத்திருந்தார்.

கேள்வி (கோவையில் படிக்கும் மாணவி): ஐபோனில் இருக்கா அக்கா?

இருக்கிறது, இன்னும் சுகமாக. Settings, General, Keyboard, Text Replacement. Phrase என்பதில் முழு வாசகம், Shortcut என்பதில் சுருக்கம். அங்கே சுருக்கத்தைத் தட்டி இடைவெளி விட்டதுமே தானாக மாறிவிடும். அதனால் ஐபோனில் `add` மாதிரி வைத்தால் தொல்லை இரட்டிப்பு. பெட்டியில் எண்டர் இங்கேயும் கிடையாது, ஆனால் நோட்ஸில் வரி வரியாக எழுதிக் காப்பி செய்து ஒட்டினால் வரிகள் நிற்கும். ஐகிளவுட் வழியாக உங்கள் ஐபேடுக்கும் தானே போய்விடும். கிளிப்போர்டு மட்டும் ஏழை: கடைசியாகக் காப்பி செய்த ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

கேள்வி (திருப்பூர் தம்பி): டெக்ஸ்பேண்ட் மாதிரி தனி ஆப் போட்டா ஆண்ட்ராய்டுலயும் தானா விரியுமே?

விரியும், இன்றைய தேதிகூடச் சேர்த்துப் போடும். ஆனால் அது வேலை செய்ய Accessibility அனுமதி கேட்கும். அதாவது திரையில் நீங்கள் தட்டுவதைப் பார்க்கும் உரிமை. நான் இரண்டு மாதம் வைத்திருந்தேன். ஒரு நாள் என் வங்கி ஆப் "அந்த அனுமதியை அணைத்தால்தான் திறப்பேன்" என்று நின்றது. அணைத்தேன், பணம் அனுப்பினேன், மறுபடி போட மறந்தேன், சுருக்கம் விரியவில்லை. தினம் இந்த நாடகம். போதாததற்கு, பேட்டரி சேமிக்கிறேன் என்று போனே அந்த ஆப்பை அடிக்கடி தூங்க வைத்துவிடும். நாள் முழுக்க எழுதுகிற தனி போன் இருந்தால் வையுங்கள். வங்கி ஆப் உள்ள போனில் நான் வைக்க மாட்டேன்.

கேள்வி (கோபி): விலைப் பட்டியல் பத்து வரி இருக்கு அக்கா. மாங்காய், நார்த்தங்காய், பூண்டு, கூரியர் செலவுன்னு. அது ஒரே வரியில வந்தா யாரும் படிக்க மாட்டாங்க.

அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். Business tools பகுதியில் Quick replies. பத்து வரியையும் எண்டர் அடித்து அழகாக எழுதி, `vilai` என்று பெயர் வையுங்கள். யாராவது விலை கேட்டால் சாட்டில் `/` போட்டதும் பட்டியல் வரும், தொட்டால் பெட்டியில் விழும். உடனே போய்விடாது, அனுப்பும் முன் பெயரைச் சேர்க்கலாம், தீர்ந்துபோன பூண்டு ஊறுகாயை அடிக்கலாம். மொத்தம் 50 வரை வைக்கலாம். உங்களுக்கு நாலு போதும்: விலை, பணம் அனுப்பும் விவரம், முகவரி கேட்பது, அனுப்பிவிட்ட தகவல்.

முகவரி கேட்கும் பதிலை இப்படி வைத்துப் பாருங்கள். காலி இடம் இருந்தால் மக்கள் நிரப்புவார்கள், "முகவரி அனுப்புங்க" என்றால் பின்கோடு இல்லாமல் வரும்:

```
பெயர்:
கதவு எண், தெரு:
ஊர், அருகில் உள்ள அடையாளம்:
பின்கோடு (6 எண்):
செல்:
```

கேள்வி (தஞ்சாவூர்): பிசினஸ் ஆப் போட்டா பழைய வாட்ஸ்அப்பும் அதே நம்பர்ல ஓடும்தானே?

ஓடாது. ஒரு எண் ஒரு ஆப்பில்தான். அதே எண்ணில் பிசினஸுக்கு மாறினால் பழையது அந்த எண்ணை விட்டுவிடும். சாதாரண வாட்ஸ்அப் வேண்டும் என்றால் இரண்டாவது சிம் எண்ணைக் கொடுங்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்): நான் தமிழில்தான் தட்டுவேன். `vvm` எழுத ஆங்கிலத்துக்குப் போக வேண்டுமா?

போவதுதான் உறுதியான வழி ஐயா. பூமி உருண்டைப் பொத்தானை ஒரு முறை தொட்டால் ஆங்கிலம், இன்னொரு முறை தொட்டால் தமிழ். தமிழ் எழுத்திலேயே "முவ" என்று சுருக்கம் வைத்தால் வருகிறது என்கிறார் என் தங்கை. என் போனில் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கும் பலகையில் இன்னும் குழப்பம். யாருக்காவது தவறாமல் வருகிறதென்றால் எந்தப் பலகை என்று எழுதுங்கள், நானும் மாற்றிப் பார்க்கிறேன்.